ஒற்றைக் கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று ஒதுக்காதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் மருந்துக்கடைகளில் கண் சொட்டு மருந்து வியாபாரம் சூடுபிடித்துவிடும். கண் சிவந்தவர் கடை முன்னால் வந்து நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதற்குள், “மெட்ராஸ் ஐதான் சார், ஊரெல்லாம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்துவைத்துவிடுகிறார் கடைக்காரர். பெரும்பாலானோர் விஷயத்தில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் கண் தானாகவே தெளிந்துவிடும். நல்ல பெயர் மட்டும் அந்தப் பாட்டிலுக்குப் போய்ச்சேரும். அதே வரிசையில் எப்போதாவது ஒருவர் நிற்பார். அவருடைய கண்ணும் அப்படித்தான் சிவந்திருக்கும். ஆனால் அவருக்கு வந்திருப்பது கருவிழிப்புண். அதே பாட்டில் அவருடைய பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

அந்த ஒருவரை எப்படிக் கண்டுகொள்வது, அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் தமிழ்நாட்டின் கிராமங்களில் பல கண்களைக் காப்பாற்றிவிடலாம்.

சென்னை பார்த்த கொள்ளைநோய்

முதலில் மெட்ராஸ் ஐ. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே கண் சிவந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அப்போது அந்த மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த ஹென்றி கிர்க்பாட்ரிக், தான் பார்த்ததை 1920-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். அந்தக் கட்டுரை பேசியது கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்ததைப் பற்றி மட்டும் அல்ல. நோயாளிகளின் கருவிழியில் சிறு சிறு புள்ளிகள் விழுந்ததைத்தான் அவர் முக்கியமாகக் கருதினார். நூறு ஆண்டுகள் கழித்து நாம் மறந்துபோனது இதைத்தான்: சாதாரணக் கண்வலி என்று நாம் நினைப்பதுகூடச் சில சமயம் கருவிழியைத் தொட்டுவிட்டுப் போகிறது.

கருவிழி என்று இங்கே சொல்வது, கண்ணின் கறுப்புப் பகுதிக்கு மேலே கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல மூடியிருக்கும், அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள தெளிவான திசுவை. கண்ணுக்குள் வெளிச்சம் நுழைவது அதன் வழியாகத்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. ரத்தக் குழாய் இல்லாததால் நோய் எதிர்ப்புப் படையும் அங்கே தாமதமாகத்தான் வந்துசேரும். வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு இதற்கு நேர்மாறு. அதில் ரத்தக் குழாய்கள் நிறைய. கிருமி வந்ததும் சிவந்து, வீங்கி, நீர் வடித்து, சண்டை போட்டு முடித்துவிட்டுத் தழும்பில்லாமல் ஆறிவிடும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அந்தச் சவ்வின் நோய். கருவிழிப்புண் அந்தக் கண்ணாடியின் நோய். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புதான்.

மெட்ராஸ் ஐயைப் பெரும்பாலும் உண்டாக்குவது அடினோவைரஸ். கிருமி தொற்றி ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு கண் சிவக்கும். இரண்டொரு நாளில் மற்றக் கண்ணுக்கும் போகும். மணல் விழுந்ததுபோல உறுத்தும். நீராக வடியும், காலையில் இமைகள் ஒட்டியிருக்கும். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தால் சிறு நெறிகட்டி வலிக்கும். நான்கைந்து நாள் ஏறி, பிறகு இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. வைரஸை அது எதுவும் செய்யாது. குளிர்ந்த சுத்தமான துணியால் ஒற்றடம், கண்ணீர் போன்ற சொட்டு மருந்து, ஓய்வு ஆகியவை போதும். சிலருக்கு இரண்டாவது வாரத்தில், சிவப்பு குறைந்த பிறகு, கிர்க்பாட்ரிக் கண்ட அந்தப் புள்ளிகள் கருவிழியில் தோன்றி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும், எழுத்து மங்கும். பெரும்பாலும் சில மாதங்களில் அவை மறைந்துவிடும். ஆனால் பார்வை மங்குவது புள்ளியாலா, வேறு ஏதாவதாலா என்று கண் மருத்துவர் கருவியில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இது பார்வை வழியாகப் பரவாது. நோயாளியை நிமிர்ந்து பார்த்தாலே வந்துவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு என்று நம்புவோரும் இருக்கிறார்கள். பரப்புவது கைதான். கண்ணைத் துடைத்த கை, தொட்ட துண்டு, தலையணை உறை, கண்மை டப்பா, பேருந்துக் கம்பி. இந்த வைரஸ் உலர்ந்த பொருள்களின் மேல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சானிடைசரைவிட சோப்பும் தண்ணீருமே இதற்கு நம்பகமானவை.

1969-ல் ஆப்பிரிக்காவின் கானாவில் இன்னொரு வகைக் கண்வலி தோன்றியது. வெள்ளை விழியில் திட்டுத்திட்டாக ரத்தம் கசியும் வகை. அப்போலோ 11 நிலவுக்குப் போய்வந்த ஆண்டு என்பதால் அங்கே அதை அப்போலோ நோய் என்றார்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்த காலத்தில் மேற்கு வங்கத்தில் அது பரவியபோது ‘ஜாய் பங்களா’ என்று பெயர் வாங்கியது. இதற்குக் காரணம் வேறு குடும்பத்து வைரஸ்கள். ஒரு நாளிலேயே கண் ரத்தச்சிவப்பாகிவிடும்; பார்க்கவே பயமாக இருக்கும்; ஆனால் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எவ்வளவு சிவப்பு என்பதற்கும் எவ்வளவு ஆபத்து என்பதற்கும் தொடர்பில்லை. கொஞ்சமாகச் சிவந்து, ஆழமாக வலிக்கும் கண்ணே அதிகக் கவலைக்குரியது.

கரும்புத் தோகை கிழித்த கண்

விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டப் போகும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண் மருத்துவமனைகளின் கருவிழிப் பிரிவுக்கு ஆண்டு முழுக்க வந்துகொண்டிருக்கும் பலருடைய கதையைச் சேர்த்துச் சொல்கிறேன். இவர் ஒரு தனி ஆள் அல்ல.

காலை வெட்டும்போது தோகை வலது கண்ணில் பட்டது. சுரீரென்றது. வாய்க்கால் தண்ணீரை வாரி அடித்துக் கழுவிக்கொண்டு வேலையை முடித்தார். இரவு உறுத்தியது. பக்கத்து வீட்டு ஆயா, நந்தியாவட்டைச் சாறு விடச் சொன்னார், விட்டார். மறுநாள் கண் சிவந்தது. அந்தச் சமயம் தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் மெட்ராஸ் ஐ. மருந்துக்கடையில் தோகை பட்டதைச் சொன்னாரோ இல்லையோ தெரியாது, கேட்கப்படவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை போடச் சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதில் ஒரு ஆன்டிபயாடிக்கும், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தன.

மூன்றாம் நாள் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. இங்கேதான் இந்த நோயின் வஞ்சகம் இருக்கிறது. தோகையில் ஒட்டியிருந்த பூஞ்சைக் காளான் கீறல் வழியே கருவிழிக்குள் போயிருக்கிறது. கண் சிவப்பதும் வலிப்பதும் உடல் அதை எதிர்க்கும் அடையாளம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கியது. சிவப்பு போனது, பூஞ்சை போகவில்லை. தடுப்பார் இல்லாத இடத்தில் அது நூல் நூலாகத் திசுவுக்குள் இறங்கியது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையின் மேல் அதற்கு வேலையில்லை.

ஐந்தாம் நாள் மறுபடி வலி. அதே கடை, அதே பாட்டில் இன்னொன்று, கூடவே வலி மாத்திரை. எட்டாம் நாள் கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரியவில்லை. மகள் டார்ச் அடித்துப் பார்த்தபோது கறுப்பு விழியில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. “கண்ணில பூ விழுந்திருச்சு” என்று வீட்டில் அழுதார்கள். பத்தாம் நாள்தான் நகரத்துக் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். அப்போது இரண்டு மீட்டர் தூரத்தில் நீட்டிய விரல்களைத்தான் எண்ண முடிந்தது.

அங்கே என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வது அவசியம். நல்ல சிகிச்சை எது என்று நோயாளிக்குத் தெரிந்தால்தான் கேட்டு வாங்க முடியும். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியின் முன் முகத்தை வைக்கச் சொன்னார்கள். மஞ்சள் நிற ஃபுளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது புண் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. புண்ணின் விளிம்பு இறகு பிய்ந்ததுபோல இருந்தது. கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு சிறு வெள்ளைப் புள்ளியும் இருந்தது. கருவிழிக்குப் பின்னால் சீழ் ஒரு கோடாகத் தேங்கி நின்றது. இவையெல்லாம் பூஞ்சையைச் சுட்டும். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் எந்தக் கிருமி என்று முடிவுகட்டுவது அனுபவசாலிகளுக்கும் தவறிப்போகும். அதனால் மரப்புச் சொட்டு விட்டு, புண்ணை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சில நிமிட வேலை. செலவும் மிகக் குறைவு. கிளைவிட்ட பூஞ்சை இழைகள் தெரிந்தன. சில நாளில் கல்ச்சரில் வளர்ந்தது ஃபியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் சாதாரணமாக இருக்கும் பூஞ்சை அது.

ஸ்டீராய்டு சொட்டை உடனே நிறுத்தினார்கள். நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை. பால்போல இருக்கும் இந்த மருந்தைக் குலுக்கித்தான் விட வேண்டும். வலிக்கும் சுருங்கிய பாப்பாவுக்குமாக விரிப்புச் சொட்டு. கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டவில்லை. கட்டினால் கிருமிக்குக் கதகதப்பான இருட்டறை கிடைத்ததுபோல ஆகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். ஆறு வாரம் ஆயிற்று ஆற. ஓட்டை விழவில்லை; மாற்றுக் கருவிழி தேவைப்படவில்லை. ஆனால் நடுக் கருவிழியில் வெண்தழும்பு நின்றுவிட்டது. சாதாரணப் பார்வை உள்ளவர் முப்பத்தாறு மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் ஆறு மீட்டரில்தான் படிக்கிறார். தோகை பட்ட இரண்டாம் நாளே வந்திருந்தால் தழும்பு சிறிதாக நின்றிருக்கக்கூடும்.

மதுரை சொன்னவை

இதை ஏதோ அபூர்வ நோய் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மதுரை மாவட்டத்தில் கருவிழிப்புண் எவ்வளவு என்று கணக்கெடுத்து 1996-ல் வெளியான ஆய்வு, லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 பேருக்கு வருகிறது என்று சொன்னது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட விகிதத்தைப்போல இது பத்து மடங்கு. மறு ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப்புண் நோயாளிகளைச் சோதித்தார்கள். மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. வெளிநாட்டுப் பாடநூலைப் படித்துவிட்டு இங்கே வரும் மருத்துவர் இந்தப் ‘பாதி’யை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும், குளிர்நாடுகளில் பூஞ்சைப்புண் அவ்வளவு அதிகம் இல்லை.

எந்த மருந்து நல்லது என்பதற்கான பதிலும் தமிழ்நாட்டிலிருந்துதான் உலகுக்குக் கிடைத்தது. மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வெளியானது. விலை கூடிய புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசினே மேல் என்று அது நிறுவியது. குறிப்பாக ஃபியூசேரியத்தில் வித்தியாசம் பெரிதாக இருந்தது. புதியது என்றால் சிறந்தது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஸ்டீராய்டு எப்போதும் விஷம் என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாப் புண்ணில், சரியான ஆன்டிபயாடிக் இரண்டு நாள் போட்ட பிறகு ஸ்டீராய்டைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையும் 500 பேரிடம் நடந்தது. மொத்தத்தில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. மெட்ராஸ் ஐயிலேயே கருவிழிப் புள்ளிகள் பார்வையைக் கெடுத்தால் கண் மருத்துவர் அளந்து, நாள் குறித்து, குறைத்துக்கொண்டே போய் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. கிருமி எது என்று தெரிந்த பிறகு, கண்ணை வாரா வாரம் பார்க்கும் ஒருவர் கொடுப்பது வேறு. கவுன்டரில் முகம் பார்த்துக் கொடுப்பது வேறு.

நேரம் எவ்வளவு இருக்கிறது

நேபாளத்தின் பக்தபூரில் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களைக் கண்டுபிடித்து, குளோராம்பெனிகால் ஆயின்மென்டை நாளைக்கு மூன்று முறை வீதம் மூன்று நாள் போட்டார்கள். அடிபட்டுப் பதினெட்டு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாளுக்கு மேல் தாமதித்து வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேலாகப் புண் வந்தது. பிற்பாடு மதுரைப் பகுதிக் கிராமங்களில் பூஞ்சை எதிர்ப்பு ஆயின்மென்ட்டையும் சேர்த்துச் செய்து பார்த்தபோதும், கீறலோடு சீக்கிரம் வந்தவர்களில் அநேகமாக யாருக்கும் புண் வரவில்லை. பூஞ்சை மருந்து சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதைக் கேட்டு, ஊருக்கு ஓர் ஆயின்மென்ட் டியூப் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நேபாளத்தில் பின்னர் மிகப் பெரிய அளவில் ஊர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனையில், பணியாளர் இருந்த ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் புண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காரணத்தை யூகிப்பது கடினம் அல்ல. மருந்து மட்டும் இருந்து பயனில்லை. கீறல் பட்டவர் பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டும். கண்ணில் நெல் சொணை விழுந்தால் அடுத்த நாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று நம் ஊரில் யாருக்குத் தோன்றுகிறது? கூலி போய்விடும் என்பதுதான் முதல் யோசனை. நாக்கால் நக்கித் தூசி எடுப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். தாய்ப்பால் பீய்ச்ச ஆள் இருக்கிறது. விளக்கெண்ணெய் வீட்டில் இருக்கிறது. வாயில் உள்ள பாக்டீரியாக்களைக் கீறிய கருவிழியில் பூசுவது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கண்ணை ஓடிப்போய்க் காட்ட வேண்டும்

சுத்தமான துணியால் பீளையைத் துடைத்துவிட்டு, நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, சிவந்த கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். துடைத்ததும் பார்வை தெளிந்தால் பெரும்பாலும் மேலோட்டமான நோய். துடைத்தும் மங்கலாகவே இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம், எந்தப் படிப்பும் வேண்டாம். கடைக்காரரும் செய்யலாம்.

அடுத்தது வலி. மணல் உறுத்தல் ஒரு வகை. கண்ணுக்குள்ளிருந்து நெற்றிக்கு ஏறும் வலி வேறு வகை. இரவில் தூங்க விடாத வலியும், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாத கூச்சமும் மெட்ராஸ் ஐயின் இயல்பு அல்ல. சிவப்பு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு தடயம்: இமையைக் கீழே இழுத்தால் உள்பக்கம் அதிகம் சிவந்து, கறுப்பு விழியை ஒட்டிக் குறைந்திருந்தால் சவ்வின் நோய். கறுப்பு விழியைச் சுற்றி வளையமாகச் செம்மை கூடியிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. டார்ச்சில் கறுப்பு விழியின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கேள்வியே இல்லை.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், சிலரை மெட்ராஸ் ஐ என்று ஒதுக்கவே கூடாது. கண்ணில் செடி, மண், மாட்டுவால், இரும்புத் தூள் எதுவோ பட்ட பின் ஒரு கண் மட்டும் சிவந்தவர். சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருக்குக் கண்ணின் உட்புறமே சீழ்ப்பிடித்திருக்கலாம், மணிக்கணக்கில் பார்வை போகும். நெற்றியில் அக்கி வந்து, மூக்கு நுனியிலும் கொப்புளம் போட்டவர். மூக்கு நுனிக்குப் போகும் அதே நரம்புதான் கண்ணுக்கும் போகிறது. ஒரே கண்ணில் திரும்பத் திரும்பச் சிவப்பும் மங்கலும் வருபவர். அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். கருவிழியில் மரக்கிளைபோலக் கோடு போடும் அந்த வைரஸுக்கும் ஸ்டீராய்டு தனியாகப் போட்டால் கொண்டாட்டம்தான்.

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இமை வீங்கிச் சீழ் வடிந்தால், தாய்ப்பால் விட்டுக் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தொற்றும் கோனோரியா கிருமி நலமான கருவிழியையே துளைத்துவிடும். அது அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய்.

கான்டாக்ட் லென்ஸ் போடுவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் லென்ஸோடு தூங்குகிறார்கள், குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள். அவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கருவிழியைக் கூழாக்கிவிடும். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா மெதுவாக வரும். கண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, வலி மட்டும் தாங்க முடியாமல் இருக்கும். லென்ஸ் போடும் கண் சிவந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கிருமி எது என்று சில சமயம் அந்த டப்பாதான் சொல்லும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

ஸ்டீராய்டு கண் சொட்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடைமுறையில் எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தூக்க மாத்திரை விற்பனையைக் கண்காணிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கண் சொட்டு மருந்தில் காட்டினால் போதும். மெட்ராஸ் ஐ பரவும்போது சுகாதாரத் துறை வெளியிடும் அறிவிப்புகள் கை கழுவுவதையும் துண்டைப் பகிராததையும் சொல்கின்றன; நல்லது. எது மெட்ராஸ் ஐ அல்ல என்பதற்கும் அதில் இரண்டு வரி வேண்டும். வட்டார அரசு மருத்துவமனைகளில் கண் மருத்துவ உதவியாளர்கள் இருக்கிறார்கள். சுரண்டி எடுத்த திசுவில் பூஞ்சையைப் பார்க்க மைக்ராஸ்கோப்பும் ஒரு சொட்டுக் கரைசலும் போதும். அந்தச் சோதனையும் நேட்டமைசினும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்த நாளும் கிடைக்க வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

அதுவரை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். கண் சொட்டு மருந்து கையில் வந்ததும் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெதலோன், லோட்டெப்ரெட்னால், டைஃபுளுப்ரெட்னேட் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்கள் கண்ணைக் கருவியில் பார்த்த கண் மருத்துவர் எழுதியதாக இல்லாவிட்டால், அதைக் கண்ணில் விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் அந்தப் பாட்டிலை மறைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்; எந்த மருந்து, எத்தனை நாள் என்பதுதான் அவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.